சாயக்கழிவுநீர்ப் பதிவேடுகளும் இசைவாணை நிபந்தனைகளும்: உப்புக் கணக்கின் வழி ஒரு சுற்றுச்சூழல் தணிக்கை

முன்னுரை

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், கழிவுநீரில் ஒரு துளியையும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. ஆணை முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு அந்நீதிமன்றம் உத்தரவிட்டது. இதன் பின்னர்ப் ‘பூச்சியக் கழிவுநீர் வெளியேற்றம்’ என்பது இப்பட்டறைகளின் இசைவாணைகளில் முதன்மையான நிபந்தனையாக நிலைபெற்றது. கழிவுநீர் வெளியேறுவதே இல்லை என்று கூறும் ஒரு பட்டறையின் பதிவேடுகளைத் தணிக்கையாளர் எவ்வாறு சரிபார்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இசைவாணையும் பதிவேடுகளும்

1974ஆம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின்கீழ் மாசு கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் இசைவாணை, நாளொன்றுக்கு உருவாகத்தக்க கழிவுநீரின் உச்ச அளவையும், அதனைச் சுத்திகரிக்கும் முறையையும், எஞ்சும் பொருள்களைக் கையாளும் முறையையும் வரையறுக்கிறது. இசைவு பெற்ற ஆலைகள், மார்ச் 31 அன்று முடியும் நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையை ஐந்தாம் படிவத்தில் செப்டம்பர் 30க்குள் அளிக்க வேண்டும். தணிக்கையாளர் இசைவாணையின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குச் சான்றாகும் பதிவேட்டைக் குறித்துக்கொள்வதே பணியின் தொடக்கம்.

வெளியேற்றத்திற்கு உச்ச வரம்பு வகுக்கப்பட்ட ஆலையில், வெளியேறும் நீரை அளந்து வரம்போடு ஒப்பிடலாம். வெளியேற்றமே கூடாது என்னும் இடத்தில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே உள்ளே வந்த பொருள் முழுவதும் உள்ளேயே கணக்கில் நிற்கிறதா என்று காண்பதே வழி. நீர் ஆவியாகலாம், மீண்டும் பயன்படலாம். ஆனால் உப்பு ஆவியாவதில்லை. உயிரியல் சுத்திகரிப்பில் சிதைவதுமில்லை. எனவே உப்பே இத்தணிக்கைக்கு நம்பத்தக்க சாட்சியாகிறது.

உப்பு செல்லும் வழி

பருத்தித் துணியில் வினைபுரி சாயங்கள் ஏறுவதற்குச் சோடியம் சல்பேட்டோ சோடியம் குளோரைடோ மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. சாயம் ஏறிய பின் அவ்வுப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில் சேர்கிறது. உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின்னர் நீர் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் அமைப்பிற்குச் செல்கிறது. அங்கே பெரும்பகுதி நன்னீராகப் பிரிந்து சாயமேற்றவே திரும்புகிறது. எஞ்சும் சிறுபகுதி உப்புச் செறிந்த கழிவாகிறது. இச்செறிகழிவை ஆவியாக்கியில் கொதிக்கவைத்து, உப்பைப் படிகமாகப் பிரிக்க வேண்டும். செலவு மிகுந்த கட்டம் இதுவே என்பதால், விதிமீறலுக்கான தூண்டுதலும் இங்கேயே மிகுதி.

ஒரு மாதக் கணக்கு

இம்முறையை விளக்கும் பொருட்டு, நாளொன்றுக்கு 300 கிலோலிட்டர் கழிவுநீருக்கு இசைவு பெற்ற ஒரு பட்டறையை மாதிரியாகக் கொள்வோம். அதன் ஒரு மாதப் பதிவேட்டில், 25 வேலைநாள்களில் 7,200 கிலோலிட்டர் கழிவுநீர் வந்ததாகக் காணப்படுகிறது. நாள் சராசரி 288 கிலோலிட்டர், வரம்பு மீறப்படவில்லை. மேலோட்டமான தணிக்கை இங்கேயே முடிந்துவிடும்.

அந்நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று ஆய்வக அறிக்கை கூறுகிறது. இது கிலோலிட்டருக்கு 6 கிலோ ஆகும். ஆகவே அம்மாதம் வந்த உப்பு 43.2 டன். ஆர்.ஓ. அமைப்பில் 6,120 கிலோலிட்டர் நன்னீரும் 1,080 கிலோலிட்டர் செறிகழிவும் பிரிந்துள்ளன. நன்னீருடன் சென்ற உப்பு 1.8 டன் மட்டுமே. எஞ்சிய 41.4 டன் செறிகழிவில் இருந்தாக வேண்டும்; அதாவது கிலோலிட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ. செறிகழிவின் ஆய்வக அளவும் இதனோடு பொருந்துகிறது.

உப்புக் கிடங்குப் பதிவேட்டில் 28 டன் கிளாபர் உப்பும், ஈரம் கழித்து 12 டன் கலப்பு உப்பும் பதிவாகியுள்ளன. கூட்டினால் 40 டன். 41.4 டன்னுக்கு மிக நெருங்கிய இவ்வெண், கணக்குச் சரியாகிவிட்டது என்னும் எண்ணத்தைத் தரும்.

தவறு இங்கேதான் நேர்கிறது. கிளாபர் உப்பு என்பது பத்து நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் கொண்ட சோடியம் சல்பேட்டுப் படிகம். அதன் மூலக்கூறு எடை 322. அதில் சோடியம் சல்பேட்டின் பங்கு 142 மட்டுமே. எனவே 28 டன் கிளாபர் உப்பில் உள்ள உண்மையான உப்பு 12.3 டன், எஞ்சியது நீர். ஆய்வக அறிக்கையோ நீரை முற்றிலும் ஆவியாக்கிய உலர் எடையைத் தருகிறது. இரண்டையும் உலர் எடையில் ஒப்பிட்டால் கிடைத்த உப்பு 24.3 டன், கணக்கில் வராதது 17.1 டன். இவ்வளவு உப்பைச் சுமந்த செறிகழிவு ஏறத்தாழ 450 கிலோலிட்டர்.

எரிபொருள் வழிச் சரிபார்ப்பு

ஒரே கணக்கைக் கொண்டு முடிவு கூறுதல் முறையன்று. பதிவேட்டின்படி 1,080 கிலோலிட்டர் செறிகழிவும் ஆவியாக்கப்பட்டிருந்தால், அதற்குரிய நீராவி செலவாகியிருக்க வேண்டும். இப்பட்டறையின் பலநிலை ஆவியாக்கி ஒரு டன் நீராவிக்கு 4 டன் நீரை ஆவியாக்குகிறது. கொதிகலன் ஒரு டன் விறகிற்கு 3 டன் நீராவி தருகிறது. எனவே ஏறத்தாழ 90 டன் விறகு தேவை. எடைமேடைச் சீட்டுகளும் கிடங்கு இருப்பும் காட்டும் செலவு 52 டன் மட்டுமே. இதனால் 624 டன் நீரே ஆவியாகியிருக்க இயலும். குறைவு 456 டன். உப்புக் கணக்கும் விறகுக் கணக்கும் தனித்தனி ஆவணங்களிலிருந்து பெறப்பட்டவை. இரண்டும் ஒரே அளவைச் சுட்டுவதால் ஐயம் வலுப்பெறுகிறது.

எல்லைகளும் முடிவு கூறும் முறையும்

கணக்கில் வராத செறிகழிவு சேமிப்புத் தொட்டியில் இருக்கலாமன்றோ என்னும் வினாவிற்கு விடை காண வேண்டும். மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் தொட்டிகளின் மட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவே 60 கிலோலிட்டர் எனின், 450 கிலோலிட்டர் அங்கே தங்கியிருக்க இயலாது. அடுத்து, கரைந்த திடப்பொருளின் அளவு மின்கடத்துத்திறன் கருவியால் கணிக்கப்பட்டதா, நீரை ஆவியாக்கி எடை காணப்பட்டதா என்பதையும் அறிய வேண்டும். செறிவு மிக்க உப்புநீரில் கருவியின் மாற்றுக்காரணி பிறழக்கூடும். சில விழுக்காட்டு வேறுபாட்டை அளவீட்டுப் பிழையாகக் கொள்ளலாம். 40 விழுக்காட்டுக் குறைவை அவ்வாறு கொள்ள இயலாது.

அளவிக்கு முன்னரே ஒரு குழாய் பிரிந்து சென்றால் இக்கணக்கு அதனைக் காட்டாது. அதற்குச் சாயமேற்றிய துணியின் எடையையும் ஒரு கிலோ துணிக்குச் செலவாகும் நீரையும் கொண்டு, உருவாகியிருக்க வேண்டிய கழிவுநீரைத் தனியே கணிக்க வேண்டும்.

தணிக்கை அறிக்கையில் ‘செறிகழிவு ஆற்றில் விடப்பட்டது’ என்று எழுதுதல் கூடாது. பதிவேடுகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. ‘ஏறத்தாழ 450 கிலோலிட்டர் செறிகழிவு ஆவியாக்கப்பட்டதற்குச் சான்று இல்லை, செறிகழிவு முழுவதையும் ஆவியாக்க வேண்டும் என்னும் நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ள இயலவில்லை’ என்பதே உரிய தொடர். குழாய்த்தடம், அருகிலுள்ள ஓடையின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி நீர், சுற்றுப்புறக் கிணறுகள் ஆகியவற்றைக் கள ஆய்வு செய்வது அடுத்த படி.

முடிவுரை

மேற்கண்ட மாதிரியில் ஒவ்வொரு பதிவேடும் தனித்து நோக்கும்போது குறையற்றது. கழிவுநீர்ப் பதிவேடு வரம்பிற்குள் நின்றது. உப்புப் பதிவேட்டின் கூட்டுத்தொகை பொருந்தியது. உலர் எடைக்கு மாற்றி, விறகுச் சீட்டுகளோடு ஒப்பிட்ட பின்னரே குறைவு வெளிப்பட்டது. ஆகவே தணிக்கையாளர் இசைவாணை தொடர்பான பதிவேடுகளோடு, கொள்முதல், எடைமேடை, கிடங்கு ஆவணங்களையும் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. அவை வேறு நோக்கத்திற்காக, வேறு பணியாளர்களால் எழுதப்படுபவை. கழிவுநீர்ப் பதிவேட்டிற்கு ஏற்ப அவற்றைத் திருத்தி எழுதுதல் எளிதன்று.