சக்கரம் வரையும் வளைவுக்குக் கீழே எவ்வளவு இடம்?

சைக்கிள் டயரின் ஓரத்தில், தரையைத் தொடும் இடத்தில், வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வண்டியை நேராக உருட்டினால், அந்தப் புள்ளி மெல்ல மேலெழும்பி, உச்சியைத் தொட்டு, மறுபடி தரைக்கு வரும். சுவரோரமாக உருட்டி அதன் பாதையைச் சுவரில் குறித்துக்கொண்டே போனால் அகலமான ஒரு வளைவு கிடைக்கும். சைக்ளாய்டு என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர் கலிலியோ.

அந்த வளைவுக்கும் தரைக்கும் நடுவில் அடைபடும் பரப்பு எவ்வளவு என்று கலிலியோவுக்குத் தெரியவேண்டியிருந்தது. கணக்கில் வழி கிடைக்கவில்லை. ஆகவே வளைவின் வடிவத்தையும், அதை உண்டாக்கிய சக்கரத்தின் வட்டத்தையும் தகட்டில் வெட்டி எடுத்து, தராசில் வைத்து எடை பார்த்தார். வளைவு வட்டத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. ஆனால் அது சரியாக மூன்றுதான் என்று அவர் நம்பவில்லை. முழு எண்ணாக இருக்காது என்றே சந்தேகித்தார்.

சரியாக மூன்றுதான். பாரிஸில் இருந்த ரொபெர்வால் 1634 வாக்கில் அதைக் கண்டுபிடித்தும் அச்சிடாமல் வைத்துக்கொண்டார். அவர் வகித்த பேராசிரியர் பதவி மூன்றாண்டுக்கொரு முறை போட்டிக்கு வரும். போட்டியாளர்களுக்குத் தெரியாத முடிவுகள் கைவசம் இருப்பது அவருக்குப் பாதுகாப்பு. இத்தாலியில் டாரிசெல்லி 1644இல் தன் நிரூபணத்தை நூலாக வெளியிட்டபோது, அது தன்னிடமிருந்து போனது என்று ரொபெர்வால் குற்றம் சாட்டினார். இருவரும் வடிவியல் முறையில், மிகுந்த சாமர்த்தியத்தோடு விடைக்கு வந்தவர்கள். லைப்னிட்ஸின் dx, ∫ என்ற குறிகள் 1680களில் அச்சேறிய பிறகு அதே விடை நாலு வரிக் கணக்காகச் சுருங்கிவிட்டது. இன்று பிளஸ் டூ முடித்த எவரும் போட்டுவிடலாம். அதில் ஒரே ஒரு இடத்தில்தான் கால் இடறும்.

வளைவுக்குக் கீழுள்ள பரப்பைக் காணப் பள்ளியில் சொல்லித்தரும் வழி இது: தரையிலிருந்து வளைவு வரை நிற்கும் மெல்லிய பட்டைகளாகப் பரப்பை வெட்ட வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் உயரம் y, அகலம் dx. எல்லாவற்றையும் கூட்டினால் ∫ y dx. இதற்கு, x தெரிந்தால் y என்ன என்று சொல்லும் சூத்திரம் வேண்டும். சைக்ளாய்டு இங்கேதான் கைவிரிக்கிறது. தரையில் இத்தனை சென்டிமீட்டர் தள்ளி வளைவின் உயரம் என்ன என்று கேட்டால், நமக்குப் பழக்கமான எந்தச் சார்பாலும் அதை எழுத முடியாது.

ஆனால் சக்கரம் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று சொல்லிவிட்டால் புள்ளி இருக்கும் இடம் உடனே தெரிந்துவிடும். சுழன்ற கோணத்தை t என்றும் (டிகிரியில் அல்ல, ரேடியனில்), சக்கரத்தின் ஆரத்தை r என்றும் வைத்துக்கொண்டால்,

x = r(t − sin t)
y = r(1 − cos t)

இடத்தையும் உயரத்தையும் தனித்தனியே தீர்மானிக்கும் இந்த t-தான் துணையலகு. சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற, t சுழியத்திலிருந்து 2π வரை போகும்.

இனிப் பட்டைகளை x-ஐக் கொண்டு வெட்டாமல் t-ஐக் கொண்டு வெட்டலாம். அதற்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். 35 செ.மீ. ஆரமுள்ள ஒரு சைக்கிள் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். π-க்கு 22/7 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு வண்டி 220 செ.மீ. நகரும். அந்தச் சுற்றை நான்கு சம காற்சுற்றுகளாகப் பிரித்து, வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றிலும் எவ்வளவு முன்னேறுகிறது என்று மேலுள்ள சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், முதல் காற்சுற்றில் 20 செ.மீ., இரண்டாவதில் 90, மூன்றாவதில் 90, நான்காவதில் மறுபடி 20 என்று வருகிறது. தரைக்குப் பக்கத்தில் புள்ளி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. உச்சியில் பாய்ந்து ஓடுகிறது. ஆகவே t-ஐச் சம துண்டுகளாக வெட்டினால் பட்டைகளின் அகலம் சமமாக இருக்காது. ஒவ்வொரு பட்டையும் உண்மையில் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்ல ஒரு பெருக்கு எண் வேண்டும். x-ஐ t-ஐப் பொறுத்து வகையிட்டால் கிடைப்பது அதுதான்:

dx = r(1 − cos t) dt

இதைச் சேர்க்க மறந்து, y-ஐ அப்படியே t-ஐப் பொறுத்துத் தொகையிட்டால் 2πr என்று விடை வரும். 220 சென்டிமீட்டர். பரப்பைக் கேட்டதற்கு நீளம் விடையாக வந்திருக்கிறது. சதுர சென்டிமீட்டர் வராததே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது எல்லைகள். ∫ y dx என்று எழுதும்போது தொகையின் இரு முனைகளும் தரையில் குறித்த இடங்கள்: 0 செ.மீ., 220 செ.மீ. மாறியை t என்று மாற்றிய பிறகு அந்த எண்களுக்கு அங்கே வேலை இல்லை. வளைவு x = 0-இல் தொடங்கும்போது t எவ்வளவு, x = 220-இல் முடியும்போது t எவ்வளவு என்று கேட்டு, அந்த விடைகளைத்தான் போட வேண்டும். அவை 0, 2π. இப்போது கணக்கு:

பரப்பு = ∫ r(1 − cos t) · r(1 − cos t) dt, t = 0 முதல் 2π வரை
= r² ∫ (1 − 2 cos t + cos² t) dt
= r² (2π − 0 + π)
= 3πr²

நடு உறுப்பில் cos t ஒரு முழுச் சுற்றில் ஏறியும் இறங்கியும் சுழியமாகிவிடுகிறது. கடைசி உறுப்பில் cos² t-யின் சராசரி அரை என்பதால் 2π-யில் பாதி, அதாவது π கிடைக்கிறது. சைக்கிள் சக்கரத்தின் வட்டப் பரப்பு 3,850 சதுர செ.மீ.; வளைவுக்குக் கீழே அதைப்போல மூன்று மடங்கு, 11,550 சதுர செ.மீ. வளைவு முழுவதும் 220 செ.மீ. நீளமும் 70 செ.மீ. உயரமும் உள்ள ஒரு செவ்வகத்துக்குள் அடங்கும். அந்தச் செவ்வகம் 15,400 சதுர செ.மீ.; நம் விடை அதில் சரியாக முக்கால் பங்கு. படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

எல்லைகளை மாற்றாமல் 0 முதல் 220 வரை என்றே விட்டுவிட்டால், நான்கு லட்சத்துக்கும் மேலே ஒரு எண் வரும். செவ்வகத்தின் பரப்பையே தாண்டிப்போன விடை தவறு என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் பாடப்புத்தகக் கணக்குகளில் r = 1 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்போது x போகும் தூரமும் 0 முதல் 2π வரை, t போகும் தூரமும் 0 முதல் 2π வரை. எல்லையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் 3π என்ற சரியான விடையே கிடைக்கும். மாணவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது விடைத்தாளில் தெரியவே தெரியாது.

அது தெரிய வேண்டுமென்றால் கேள்வியைச் சற்றே மாற்ற வேண்டும்: அதே r = 1 வளைவில், x = 0 முதல் x = π/2 வரை உள்ள பரப்பு என்ன? π/2-ஐ அப்படியே t-யின் எல்லையாகப் போட்டுவிட்டால் 0.36 என்று வருகிறது. ஆனால் x = π/2 ஆக இருக்கும்போது t என்பது π/2 அல்ல. t − sin t = π/2 என்ற சமன்பாட்டைத் தீர்த்தால்தான் t கிடைக்கும். இதைக் கையால் நேரடியாகத் தீர்க்க வழியில்லை; கால்குலேட்டரில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் t = 2.31 என்று வந்து நிற்கும். அதுவரை தொகையிட்டால் பரப்பு 1.74.

இரண்டில் எது சரி என்று சூத்திரம் இல்லாமலே சோதிக்கலாம். x = π/2-இல் வளைவின் உயரம் 1.67. வளைவின் தொடக்கப் புள்ளியையும் அந்த இடத்தையும் நேர்கோட்டால் இணைத்தால், கோட்டுக்குக் கீழே வரும் முக்கோணத்தின் பரப்பு 1.31. சைக்ளாய்டு வெளிப்புறமாக வளைந்தது. அந்தக் கோட்டுக்கு மேலேதான் போகும். ஆகவே பரப்பு 1.31-க்குக் குறைய வாய்ப்பே இல்லை. 0.36 அங்கேயே விழுந்துவிடுகிறது.

நீள்வட்டத்தில் இடறல் வேறு விதமாக வரும். x = a cos t, y = b sin t என்ற வழக்கமான சமன்பாடுகளில் t ஏறும்போது புள்ளி வலது முனையிலிருந்து இடது முனைக்குப் போகிறது. மேல்பாதியின் பரப்பை இடமிருந்து வலமாகக் கூட்ட வேண்டுமானால் x = −a என்ற தொடக்கத்துக்கு t = π; x = a என்ற முடிவுக்கு t = 0. ஆகவே கீழ் எல்லையில் π, மேல் எல்லையில் 0 நிற்க வேண்டும். பெரிய எண் கீழே நிற்பது கண்ணை உறுத்தும். பழக்க தோஷத்தில் இரண்டையும் இடம் மாற்றிவிடுபவர்கள் நிறையப் பேர். அப்போது பரப்பு எதிர்க்குறியோடு வரும். dx = −a sin t dt என்பதில் ஏற்கெனவே ஒரு கழித்தல் குறி இருக்கிறது. தலைகீழ் எல்லைகள் தரும் இன்னொரு கழித்தல் குறி அதை நீக்கிவிட, மேல்பாதி πab/2 என்றும், முழு நீள்வட்டம் πab என்றும் ஒழுங்காக வந்து சேரும். எல்லைகளில் எது சின்னது, எது பெரியது என்பதற்கு இங்கே இடமில்லை. x தொடங்கும் முனைக்குரிய t கீழே, x முடியும் முனைக்குரிய t மேலே.

வளைவு வந்த வழியே திரும்பும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. ரயில் சக்கரத்தில் தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதிக்கு வெளியே, தண்டவாளத்தின் உட்புறமாகச் சற்றுக் கீழிறங்கி நிற்கும் ஒரு விளிம்பு உண்டு. சக்கரம் தடம் புரளாமல் காப்பது அதுதான். உருளும் பகுதியின் ஆரம் 46 செ.மீ., விளிம்பு மையத்திலிருந்து 49 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் உள்ள ஒரு புள்ளியின் பாதை x = 46t − 49 sin t, y = 46 − 49 cos t. ரயில் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்டவாள மட்டத்துக்குக் கீழே இருக்கும் நேரத்தில் இந்தப் புள்ளி பின்னோக்கி நகர்கிறது! பாதையில் ஒரு சின்னக் கண்ணி விழுகிறது. 0 முதல் 2π வரை என்று பழைய எல்லைகளையே போட்டால் ஒரு எண் கிடைக்கும். ஆனால் பின்னோக்கி நகர்ந்த பகுதியும் அதில் கலந்திருப்பதால், தண்டவாளத்துக்கு மேலுள்ள பரப்பு அது இல்லை. அந்தப் பரப்பு வேண்டுமென்றால், புள்ளி தண்டவாள மட்டத்தை மேல்நோக்கிக் கடக்கும் நேரத்திலும், மறுபடி கீழ்நோக்கிக் கடக்கும் நேரத்திலும் t என்ன என்று பார்க்க வேண்டும். y = 0 என்று வைத்தால் cos t = 46/49. சக்கரம் சுமார் 20 டிகிரி சுழன்றதும் புள்ளி மேலே வருகிறது, சுமார் 340 டிகிரியில் கீழே போகிறது. அவற்றை ரேடியனில் மாற்றினால் 0.35, 5.93. இந்த இரண்டுக்கும் நடுவில் புள்ளி ஒருமுறைகூடப் பின்வாங்குவதில்லை. தொகை தருவது உண்மையான பரப்புதான்.