பத்து லட்சக் கடனுக்குள் ஒரு லட்சம்

1966 டிசம்பரில் மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கடனீட்டுப் பத்திரங்களை, அதாவது டிபெஞ்சர்களை, வெளியிட்டது. நூற்றுக்கு 2 ரூபாய் தள்ளுபடி. 12 ஆண்டு கழித்துத் திருப்பித் தர வேண்டும். தள்ளுபடியால் கைக்கு வராமல் போனது 3 லட்சம். 1967 ஜூனில் முடிந்த கணக்காண்டில் பத்திரங்களின் வயது ஆறே மாதம் என்பதால், தன் கணக்கில் 12,500 ரூபாயை மட்டும் செலவெழுதியது. ஆனால் வருமான வரியில், 3 லட்சத்தையும் அதே ஆண்டில் கழித்துக்கொள்ளக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தள்ளுபடி ஒரு செலவுதான். ஆனால் அந்தப் பணம் 12 ஆண்டும் தொழிலில் உழைக்கிறது, ஆகவே செலவும் 12 ஆண்டுக்கும் பரவ வேண்டும் என்று 1997-இல் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டுக்கு நின்றது 12,500 ரூபாய்தான்.

இதே கடனில், திருப்பித் தரும்போது முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்ற வாக்குறுதியும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கம்பெனி நூறு ரூபாய் முகமதிப்பில் 10,000 பத்திரங்களை வெளியிடுகிறது. வட்டி 9 சதவீதம். விற்பது 94 ரூபாய்க்கு. நான்கு ஆண்டு கழித்துத் தருவது 104 ரூபாய். வங்கியில் விழுவது 9,40,000. கொடுக்க வேண்டியது 10,40,000. இடையே இருக்கிறது ஒரு லட்சம்.

வெளியிடும் நாளன்றே ஏட்டில் இது முழுதாக ஏற வேண்டும். பற்றுப் பக்கம் வங்கி 9,40,000, கடனீட்டுப் பத்திர வெளியீட்டு இழப்பு 1,00,000. வரவுப் பக்கம் கடனீட்டுப் பத்திரம் 10,00,000, மீட்பு பிரீமியம் 40,000. பத்திரக் கணக்கில் முகமதிப்புதான் நிற்கும்; 9 சதவீத வட்டியும் அதன் மேல்தான், ஆண்டுக்கு 90,000. மீட்பு பிரீமியம் என்ற பெயரைப் பார்த்து வருமானம் என்று எண்ணிவிடக் கூடாது. அது கம்பெனி தர வேண்டிய கடன். மீட்கும் நாள் வரை பொறுப்புப் பக்கத்திலேயே இருக்கும்.

தடுக்கி விழும் இடம் இந்த 40,000-தான். நான் தணிக்கைக்குப் போன ஒரு கம்பெனியில் இழப்புக் கணக்கில் தள்ளுபடி மட்டுமே இருந்தது. "பிரீமியத்தைக் கொடுக்கும்போது எழுதிக்கலாம் சார்" என்றார் கணக்கர். அப்படி விட்டால் முதல் மூன்று ஆண்டு லாபம் ஊதிக் காட்டும். அத்தனை பாரமும் கடைசி ஆண்டின் தலையில் விழும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. வெளியீட்டு நிபந்தனையில் 104 என்று இருந்து, பொறுப்புப் பக்கத்தில் வெறும் 10 லட்சம் நின்றால் பிரீமியம் விடுபட்டிருக்கிறது.

இனி ஒரு லட்சத்தைப் போக்கெழுத வேண்டும். நான்காம் ஆண்டு முடிவில் மொத்தமாக மீட்பதென்றால், நான்கு ஆண்டும் ஒரே கடன் நிற்கிறது. ஆண்டுக்கு 25,000 என்று சமமாகப் பிரிப்பது நியாயம். ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் இரண்டரை லட்சம் மீட்பதென்றால் சமப் பங்கு சரிவராது. முதல் ஆண்டு 10 லட்சம் உழைக்கிறது. அடுத்து ஏழரை, பிறகு ஐந்து, கடைசியில் இரண்டரை. இழப்பும் அதே 4:3:2:1 விகிதத்தில் 40,000, 30,000, 20,000, 10,000 என்று இறங்க வேண்டும். குலுக்கலில் மீட்கும் கடனுக்கும் 25,000 வீதமே எழுதியிருந்தால், பணம் குறைவாக இருந்த ஆண்டுகள் அதிகச் செலவைச் சுமக்கின்றன என்று பொருள்.

கம்பெனிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறொரு வழியும் தருகிறது. பங்குகளை முகமதிப்புக்கு மேல் விற்றுச் சேர்ந்த பத்திர முனைமக் கணக்கில் இருப்பு இருந்தால், இந்த இழப்பை அதில் கழிக்கலாம். புதிய இந்தியக் கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகள் உண்மை வட்டி விகிதத்தைக் கண்டுபிடித்து அதன்படி எழுதுகின்றன. மொத்தமாக மீட்கும் நம் கணக்கில் அந்த விகிதம் ஏறத்தாழ 11.8 சதவீதம்.

எனக்கு இதில் ஐயமே இல்லை: வெளியீட்டு இழப்பு என்று நாம் பெயரிட்டிருப்பது வேறு உருவில் வரும் வட்டிதான். பத்திரத்தின் முகப்பில் 9 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கம்பெனியின் பங்கு உங்களிடம் இருந்தால், எத்தனை ரூபாய்க்கு விற்றார்கள், எத்தனை ரூபாய்க்கு மீட்கப் போகிறார்கள் என்பதையும் ஆண்டறிக்கையின் கடன் குறிப்பில் தேடிப் படியுங்கள்.