நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை

நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 11.40க்கு ஃபிட்டர் ஒரு போட்டோ போடுகிறார்: "பேரிங் போச்சு. ஸ்டோர்ல இல்ல." யாரும் பதில் போடவில்லை. 2.15க்கு அவரே ஒரு வீடியோ போடுகிறார், மெஷின் ஓடுகிறது. காலை 8 மணிக்கு சூப்பர்வைசர் எழுதுகிறார்: "நைட் ஃபுல்லா ஃபாலோ பண்ணி மெஷினை ஓட விட்டாச்சு சார்." மேனேஜர் "சூப்பர் டீம்" என்கிறார். வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சூப்பர்வைசரின் வரியில் பேரிங்கை மாற்றியது யார் என்பது இல்லை. ஆனால் மேனேஜர் பார்ப்பது கடைசியாக வந்த அந்த வரியைத்தான், பாராட்டும் அதற்கே போகிறது. ஃபிட்டரோ, மற்ற நாட்களில் 'குட் மார்னிங்' படத்துக்குக்கூடக் கட்டைவிரல் போடுகிறவர். இன்று எதுவும் போடவில்லை. மௌனத்தை இப்படித்தான் படிக்க வேண்டும், அந்த ஆளின் வழக்கத்தோடு ஒப்பிட்டு. எப்போதுமே பேசாதவர் பேசாமல் இருப்பதில் சேதி எதுவும் இல்லை.

பத்தரைக்கு ஸ்டோர் பொறுப்பாளர், யார் பெயரையும் சொல்லாமல் எழுதுகிறார்: "ஸ்பேர் வேணும்னா முன்னாடியே இன்டென்ட் போடுங்க." எல்லோருக்கும் பொதுவாக எழுதியதுபோல் இருந்தாலும், அது ஒருவருக்கான பதில். குழுவில் 'பேரிங்' என்று தேடினால் காரணம் கிடைக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பே ஃபிட்டர் கேட்டிருக்கிறார், அதற்கும் பதில் இல்லை. நள்ளிரவில் "ஸ்டோர்ல இல்ல" என்று அவர் எழுதியதில் அந்தப் பழைய கோபமும் இருக்கிறது.

பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் யார் என்பதும் தெரியும். அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால், படித்தவர்களின் பெயர்கள் வரும். நீல டிக் வராதபடி அமைத்து வைத்திருந்தாலும் குழுவில் அது செல்லாது. ஆனால் அது காட்டுவது செய்தி திறக்கப்பட்டதை மட்டும்தான். இரவு ஒரு மணிக்கு சூப்பர்வைசர் போனில் பேசி, பக்கத்து மில்லிலிருந்து பேரிங் வரவழைத்துக் கொடுத்திருக்கலாம். அந்தப் பேச்சு குழுவில் பதிவாகாது.

அவர் திட்டமிட்டுப் பெயரைத் தட்டிக்கொண்டார் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979ல் வெளியிட்ட ஆய்வு, கூட்டாகச் செய்த வேலையில் மனிதர்கள் தங்கள் பங்கைக் கூடுதலாக மதிப்பிடுவதைக் காட்டியது. தான் செய்தது நினைவுக்குச் சுலபமாக வருவதை அதற்கு ஒரு காரணமாக அவர்கள் சொன்னார்கள். ராத்திரி செய்த போன்கள் சூப்பர்வைசருக்கு நினைவிருக்கும். ஃபிட்டரின் கையில் வழிந்த கிரீஸ் நினைவிருக்காது.

மேனேஜர் இதைச் சரிசெய்ய நினைத்தால், காலைச் செய்தியை விட்டுவிட்டு 11.40 செய்திக்கு ரிப்ளை போட்டு, "பேரிங் எங்கிருந்து கிடைச்சது? யார் மாட்டினது?" என்று குழுவிலேயே கேட்கலாம். வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லோர் முன்னாலும் வரும். மூன்று வார இன்டென்ட் விவகாரத்தை மட்டும் அங்கே எடுக்கக் கூடாது. அத்தனை பேர் பார்க்கக் கேட்டால் ஸ்டோர்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். அதை அவரிடம் நேரில் கேட்க வேண்டும், இன்டென்ட் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு.