ஒரு நாளைக்கு ஒரு மூட்டை

ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் தையில் அறுவடைக்கு வந்து நிற்கும். அப்போது தோட்டத்தில் வேறு பச்சையும் கிடைக்கும். தட்டுப்பாடு வருவது பங்குனியிலிருந்து வைகாசி வரை. தையில் மிஞ்சும் தட்டை அந்த மூன்று மாதத்துக்குப் பச்சையாகவே வைத்திருக்கும் வழிதான் ‘சைலேஜ்’ என்கிற ஊறுகாய்த் தீவனம்.

இதன் சூட்சுமம் நம் வீட்டு இட்லி மாவில் இருக்கிறது. மாவைப் புளிக்க வைக்கும் அதே வகை நுண்ணுயிரிகள் மக்காச்சோளத் தட்டிலும் உண்டு. காற்று புகாமல் அடைத்தால் அவை தட்டிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற மற்ற கிருமிகளால் வாழ முடியாமல் போகிறது, தீவனம் அப்படியே நின்றுவிடுகிறது. காற்று புகுந்தால் இது அத்தனையும் தலைகீழாகும்.

மூன்று கறவை மாடு வைத்திருப்பவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாட்டுக்கு 15 கிலோ வீதம் நாளைக்கு 45 கிலோ. 90 நாளுக்கு 4 டன் சொச்சம். புளிக்கும்போதும் எடுக்கும்போதும் கழிவது போக, பச்சையாக நாலே முக்கால் டன் நறுக்கிப் போட வேண்டும். ஆப்பிரிக்கன் டால் போன்ற தீவன ரகம் நன்றாக வந்தால் ஏக்கருக்கு 14, 15 டன் தரும். ஆக, 35 சென்ட் போதும்.

இதைக் குழியில் போடுவதா, மூட்டையில் போடுவதா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு குழி எடுத்தால் இந்த நாலே முக்கால் டன்னும் அடங்கும். ஆனால் திறந்த பிறகு, காற்றுப்படும் முகப்பிலிருந்து தினமும் குறைந்தது அரை அடியாவது சீவி எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று நுழைந்து சூடேறிவிடும். நம் 45 கிலோ அந்த முகப்பில் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும், கூடிப்போனால் 3 சென்டிமீட்டர். அரை அடி சீவ வேண்டுமென்றால் 15 மாடாவது வேண்டும். மூன்று மாட்டுக்காரருக்கு ஏற்றது 50 கிலோ மூட்டைதான்: இன்று பிரித்தது இன்றே தீர்ந்துவிடும். அப்படிக் கிட்டத்தட்ட 95 மூட்டை.

எப்போது வெட்டுவது? கதிரை நடுவில் ஒடித்து மணியைப் பாருங்கள். மேல் பக்கம் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, அடிப்பக்கம் பால் கட்டி வெளுப்பாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே தெரியும் கோடு மணியின் பாதியைத் தொட்டதும் வெட்டலாம். பெரும்பாலும் விதைத்து 80 முதல் 90 நாளுக்குள் அந்தப் பருவம் வரும். தட்டை அரை அங்குலம், முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு கை அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். சில மணி நேரம் வாட விடுங்கள். பிடித்த உடனே உதிர்ந்தால் முற்றிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் இடையில் காற்று தங்கும். சாறு வராமல், உருண்டை மெல்ல மெல்ல விரிந்தால் அதுதான் பதம். அப்போது ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும்.

மூட்டைக்குள் கெட்டியான பாலித்தீன் உறையை விரித்து, அரை அடி நிரப்பி மிதிக்க வேண்டும். மறுபடி அரை அடி, மறுபடி மிதி. மூலைகளைக் குதிகாலால் அழுத்துங்கள், காற்று அங்கேதான் ஒளிந்திருக்கும். நிறைந்ததும் மேலே அமுக்கிக் காற்றை வெளியேற்றி, உறையின் வாயை முறுக்கி, மடித்து, கயிற்றால் இறுகக் கட்டுங்கள். வெட்டியதை அன்றைக்கே கட்டி முடிக்க வேண்டும். மண் ஒட்டிய தட்டைச் சேர்க்கக்கூடாது. வெல்லமும் உப்பும் போட வேண்டுமா என்று கேட்பார்கள். பால் பிடித்த மக்காச்சோளத்தில் போதுமான சர்க்கரை இருக்கிறது, அதனால் தேவையில்லை. சர்க்கரை குறைந்த நேப்பியர் புல்லுக்குத்தான் வெல்லப்பாகு உதவும். கட்டிய மூட்டையில் தேதி எழுதி, எலி அண்டாத நிழலில் அடுக்குங்கள். முதல் சில நாள் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அது இயல்பு. 45 நாள் கழித்துப் பிரிக்கலாம்.

பிரித்ததும் முதலில் மூக்கைக் கேளுங்கள். நல்ல சைலேஜில் புளித்த மோர் வாசம் வரும். நிறம் மஞ்சள் கலந்த பச்சை. இலையும் தண்டும் தனித்தனியாக அடையாளம் தெரியும், கையில் ஒட்டாது.

கெட்டதற்கு மூன்று முகம் உண்டு. முதலாவது, ஊசிப்போன வெண்ணெயின் நாற்றமும் வழவழப்பும். ஈரம் மிகுந்தோ மண் கலந்தோ போனதில் வரும் பியூட்ரிக் அமிலத்தின் வேலை அது. கையைக் கழுவினாலும் நாற்றம் எளிதில் போகாது. இதை மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

இரண்டாவது ஏமாற்றும் முகம். பழுப்பு நிறம், பாகு காய்ச்சிய வாசம் அல்லது புகையிலை வாசம். மிதிப்பு போதாமல் உள்ளே தங்கிய காற்றால் கடும் சூடு ஏறியதன் அடையாளம் அது. மாடு விரும்பித் தின்னும், ஆனால் புரதத்தின் ஒரு பகுதி செரிக்க முடியாததாகிவிட்டிருக்கும். வயிறு நிறைந்தும் பால் கூடாது.

மூன்றாவது பூஞ்சணம். வெள்ளை, நீலப்பச்சை, இளஞ்சிவப்பு என்று எந்த நிறமானாலும் கழிக்க வேண்டியதுதான். மேலே தெரியும் திட்டை மட்டும் உதறிவிட்டு மீதியைப் போடக்கூடாது, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவியிருக்கும். வெயிலில் காயவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு தீவனத்தில் இருந்தால் அதன் ஒரு பகுதி பாலுக்கும் வரும், பாலைக் காய்ச்சினாலும் அழியாது. கெட்ட சைலேஜில் லிஸ்டீரியா கிருமியும் வளரும். அது சினை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கருச்சிதைவை உண்டாக்கும், ஆடுகளைத் தலை சாய்த்து வட்டமாகச் சுற்ற வைக்கும். மூட்டையின் வாயோரம் கைப்பிடி அளவே பூஞ்சை இருந்தால், சுற்றிலும் ஒரு சாண் தாராளமாகச் சேர்த்து எடுத்து எறியுங்கள். உள்ளே ஊடுருவியிருந்தால் மூட்டையோடு எருக்குழிக்கு.

இன்னொரு சோதனைக்குக் கை போதும். 45 நாள் ஆன மூட்டையின் நடுவில் கையை நுழைத்தால் சுற்றுப்புறச் சூடுதான் தெரிய வேண்டும். காலையில் பிரித்தது மாலையில் சுடுகிறதென்றால் ஈஸ்ட் விழித்துக்கொண்டு அமிலத்தைத் தின்கிறது என்று பொருள். புளிப்பு இறங்கும், அடுத்து பூஞ்சை வரும். சந்தேகம் தீர அமிலத்தன்மை காட்டும் தாளைப் பிழிந்த சாற்றில் நனைத்துப் பாருங்கள். 3.8 முதல் 4.2 வரை காட்டினால் நன்று. 5-ஐத் தாண்டினால் கெட்டுவிட்டது.

மாட்டுக்கு முதல் நாளே 15 கிலோ வேண்டாம். இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி, வைக்கோலுடன், பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோங்கள். வாசம் பாலில் ஏறாமலிருக்கக் கறந்த பிறகே போடுங்கள். அடுக்கிய மூட்டைகளை வாரம் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். எலி கடித்து ஓட்டை விழுந்தது எங்காவது இருந்தால், அன்றே நாடா ஒட்டி, தேதி முறையைப் பார்க்காமல் அதையே முதலில் பிரியுங்கள்.