விடைபெறுகிறவரின் நேரம்

பணி ஓய்வு பெறுகிறவரை வழியனுப்ப நம் அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரியும். சால்வை, மாலை, சுவர்க்கடிகாரம், நான்கு பேர் பேச்சு, சமோசாவும் டீயும். வேறு கம்பெனிக்குப் போகிறவருக்குக் கேக் வெட்டி, கிண்டலும் கேலியுமாக அனுப்பி வைக்கிறோம். உடம்பு முடியாமல் வேலையை விடுகிறவர் விஷயத்தில்தான் கை கட்டிப்போகிறது. ஒன்று, ஓய்வு பெறுகிறவருக்குச் செய்வதையே அவருக்கும் செய்துவிடுகிறோம். இல்லையென்றால் பார்க்கவே சங்கடப்பட்டு, அவர் ஒருநாள் மாலை பையை எடுத்துக்கொண்டு தனியாகப் படியிறங்கிப் போக விட்டுவிடுகிறோம். இரண்டும் அவரைக் காயப்படுத்தும்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு நெருக்கமானவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், எல்லோருக்கும் அக்கா. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு இருக்க வேண்டும். போக, வர, காத்திருக்க என்று அந்த நாளே போய்விடும். முடிந்து எழுந்தால் தலை சுற்றும், காலில் தசை இழுக்கும், மறுநாள் காலை வரை அசதி தீராது. எட்டு மாதம் அதையும் வேலையையும் சேர்த்து இழுத்துப் பார்த்தார். லீவு தீர்ந்து சம்பளப் பிடித்தம் ஆரம்பித்த பிறகு, விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்.

ராஜினாமாக் கடிதத்தில் எல்லோரும் எழுதுவதைப்போல 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான் முதலில் எழுதியிருந்தார். பிரிவின் மேனேஜர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "அக்கா, இந்த ஒரு வரியில உங்க பணம் போயிரும்ங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பிரிவுபசாரத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தை இழுப்பது பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அணி அவருக்குக் காட்டிய அன்பில் பெரும்பங்கு இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

அவர் வேலை பார்த்தது 4 வருடம் 7 மாதம். ஐந்து வருடம் முடிக்காதவருக்குக் கிராஜுவிட்டி கிடையாது என்பதுதான் எல்லோரும் அறிந்தது. ஆனால், நோயாலோ விபத்தாலோ அதுவரை பார்த்த வேலையைப் பார்க்க முடியாமல் போய் ஒருவர் விலகினால் அந்த ஐந்து வருட நிபந்தனை பொருந்தாது. 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொன்னது. புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விலக்கு இருக்கிறது. கணக்கும் எளிதுதான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை வரும். அவருக்கு 20,800 ரூபாய், ஆகவே வருடத்துக்கு 12,000. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் ஐந்து வருடம், மொத்தம் 60,000 ரூபாய். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதியிருந்தால் இதைக் கேட்க அவர் கையில் ஆதாரமே இருந்திருக்காது. 'சிறுநீரக நோயால் இந்தப் பணியைத் தொடர இயலாத நிலையில்' என்று மாற்றி எழுதி, மருத்துவரின் சான்றிதழை இணைத்துக் கொடுத்தார்.

கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா, பிரீமியம் எவ்வளவு ஆகும் என்பதை வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். அதை மேனேஜரே பர்சனல் பிரிவில் விசாரித்துச் சொன்னார். உடம்பு முடியாதவர் மாடி ஏறி இறங்கி, ஒவ்வொரு மேஜையிலும் தன் நோயைப் புதிதாக விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் போனது.

கடிதத்தில் நோயின் பெயர் இருந்தாக வேண்டும். அலுவலகத்துக்குப் போகும் அறிவிப்பில் அது இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதை முடிவு செய்யும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். டயாலிசிஸ் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லியிருப்பார், டெஸ்பாட்ச் பிரிவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பார். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் அவர் நூறு முறை யோசிப்பார். இந்த இடத்தில் அந்த மேனேஜர் செய்தது எனக்குப் பிடித்தது. "என்ன போடட்டும்ங்க?" என்று கேட்டு அவரைத் திணறடிக்காமல், இரண்டு விதமாக எழுதிக்கொண்டு போய்க் காட்டினார். ஒன்றில் உடல்நலக் காரணம் என்று இருந்தது. இன்னொன்றில் காரணமே இல்லை. அக்கா முதலாவதை எடுத்து, 'உடல்நலக் காரணங்களால் இம்மாத இறுதியில் பணியிலிருந்து விலகுகிறார்' என்ற வரியை வைத்துக்கொண்டு, 'விரைவில் நலம்பெற்றுத் திரும்ப வாழ்த்துவோம்' என்ற வரியை அடித்துவிட்டார்.

ஏன் அடித்தார் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு லீவு போட்டவரிடம் சீக்கிரம் குணமாகி வாருங்கள் என்று சொல்லலாம். சிறுநீரகச் செயலிழப்பு அப்படிச் சரியாகிற நோய் அல்ல. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் வாழ்க்கை மாறும், கிடைக்கும் வரை டயாலிசிஸ்தான். அது அவருக்குத் தெரியும். நாம் 'சீக்கிரம் வந்துடுவீங்க' என்று சொல்லும்போது அவர் நம் மனம் கோணாமல் இருக்கச் சிரித்துத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. ஆறுதல் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்துவிடுகிறது. 'எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், பாவம் ரெண்டே வருஷம்' என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. நாட்டு வைத்தியர் விலாசம் கொடுப்பவர்களும் உண்டு. சிறுநீரகம் கெட்டவருக்குச் சில மூலிகைக் கஷாயங்கள் உண்மையிலேயே ஆபத்தானவை என்பதால், இது வெறும் தொந்தரவோடு நிற்பதில்லை.

பிரிவுபசாரமே வேண்டாம் என்றுதான் அக்கா முதலில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, "நம்ம செக்‌ஷன் மட்டும்னா சரிங்க" என்றார். பன்னிரண்டு பேர். கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமை, அது டயாலிசிஸ் நாள். ஆகவே முந்தின நாள், வியாழன் காலை பதினோரு மணி. புதன்கிழமை டயாலிசிஸின் அசதி ஓரளவு விலகியிருக்கும், உடம்பில் நீர் மறுபடி சேர்ந்து மூச்சு வாங்கவும் ஆரம்பித்திருக்காது. திங்கட்கிழமை காலை என்று வைத்திருந்தால் நிலைமை வேறு. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி என்பதால் வாரத்தில் அவருக்கு மிகக் கஷ்டமான நேரம் அதுதான். நிகழ்ச்சி அரை மணி நேரம். அவர் உட்கார்ந்தே இருப்பார், பேசுகிறவர்கள் எழுந்து வருவார்கள்.

சாப்பாட்டில் அன்பு காட்டுவது நம் ஊர் வழக்கம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதுவே சோதனை. இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதபோது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். தண்ணீருக்கே ஒரு நாளைக்கு அளவு உண்டு. உடம்புக்கு நல்லது என்று நினைத்து யாரோ இளநீர் சொல்லி வைத்திருந்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண் அதை நிறுத்திவிட்டு, அக்காவிடமே கேட்டு இரண்டு இட்லியும் அரை டம்ளர் காபியும் வரவழைத்தார். மற்றவர்களுக்கும் அதேதான். தனக்காக மட்டும் தனித் தட்டு வருவதை எந்த நோயாளியும் விரும்புவதில்லை.

அவருடைய இடது கையில் முன்கைக்கு மேலே தோல் புடைத்து, கயிறு முறுக்கினாற்போல ஓர் இடம் இருக்கும். தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையில் இணைத்து டயாலிசிஸ் ஊசிக்காகத் தயார் செய்த இடம், ஃபிஸ்டுலா என்பார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரலில் தெரியும். அது நின்றுபோனால் அந்த வழியில் டயாலிசிஸ் செய்ய முடியாமல் போய்விடும். அதனால் அந்தக் கையில் இறுக்கமான வளையல் கூடாது, வாட்ச் கூடாது, பை மாட்டக்கூடாது, பாசத்தில் இறுகப் பிடித்து இழுக்கவும் கூடாது. பரிசாகக் கைக்கடிகாரம் வாங்கலாம் என்று சொன்னவர்கள், இதைக் கேட்ட பிறகு ஒரு மெல்லிய பருத்திப் போர்வைக்கு மாறினார்கள். டயாலிசிஸ் நடக்கும்போது பலருக்குக் குளிரும், அந்த அறைகளில் ஏசி வேறு. கூடவே கம்பியில்லா இயர்போன் ஒன்றும் வாங்கினார்கள். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை யோசித்து வாங்கியிருக்கிறார்கள்.

பணமும் சேர்த்தார்கள். அதை மேடையில் கவராகக் கொடுக்கவில்லை. முன்கூட்டியே அவரிடம் கேட்டு, வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார்கள். யார் எவ்வளவு என்ற பட்டியல் அவர் கைக்குப் போகவில்லை.

பேசியவர்கள் மூன்று பேர். முதலில் பேசியவர், அக்கா எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு நல்ல மனசு என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்கும்போது நெஞ்சு அடைத்தது, ஆனால் அது இருக்கிறவரைப் பற்றிய பேச்சாக இல்லை. அடுத்து எழுந்த இளைஞன் வேறு மாதிரி பேசினான். தான் சேர்ந்த புதிதில், ஒரு சப்ளையர் பில்லில் இருந்த வரி ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வராததைக் கவனிக்காமல் கணக்கில் எடுத்துவிட்டதையும், அக்கா இரவு எட்டு மணிக்கு அதைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், மறுநாள் காலை பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடக் கற்றுக்கொடுத்ததையும் சொன்னான். "இப்பவும் இருபதாம் தேதிக்கு முன்னாடி அப்படித்தான்க்கா பார்க்கறேன், பென்சில்ல டிக் போட்டு." அக்கா சிரித்து, "டிக் போட்டா போதாது, தேதியும் போடணும்" என்றார். அந்த அரை மணி நேரத்தில் அவர் நோயாளியாக இல்லாமல் அக்கவுண்டன்டாக இருந்தது அப்போதுதான்.

போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். முகம் வீங்கி, நிறம் மங்கியிருப்பதால் சிலர் அதை விரும்புவதில்லை. இவர் ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னார், ஸ்டேட்டஸில் போடக்கூடாது என்றும் சொன்னார்.

பல இடங்களில் எல்லாவற்றையும் நன்றாகச் செய்துவிட்டு, அன்று மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஆளை நீக்கிவிடுகிறார்கள். கம்பெனி விதிப்படி மெயிலையும் கணக்கு மென்பொருளையும் மூடியாக வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்' என்று திரையில் படிப்பது கொடுமை. இவர்கள் அலுவலக குரூப்பைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லிவிட்டு, பன்னிரண்டு பேருக்கும் தனியாக ஒன்று தொடங்கினார்கள். அதில் கணக்கு விவகாரம் பேசுவதில்லை என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருக்கிறார். சந்தேகம் கேட்கிறோம் என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிடக் கூடாது என்பது அவர் பயம்.

முதல் மாதம் எல்லோரும் போன் செய்தார்கள். மூன்றாவது மாதம் குறைந்துவிட்டது, எங்கும் அப்படித்தான். அதன் பிறகு இரண்டு பேர் மாறி மாறிக் கூப்பிடுவதென்று பேசி வைத்துக்கொண்டார்கள், செவ்வாய் அல்லது வியாழன் மட்டும். 'உடம்பு எப்படி இருக்கு' என்று ஆரம்பிப்பதை அக்காவே ஒருநாள் தடுத்தாராம். "அத டாக்டர் கேப்பாரு. புது ஆடிட்டர் எப்படி, அதச் சொல்லுங்க."