ஏலத்துக்கு முன் பத்து நாள்

“சார், இன்னும் பத்து நாள் பொறுத்துக்குங்க. சீட்டுப் பணம் வந்துடும், வட்டியைக் கட்டிடறேன்.”

“ஹெட் ஆபீஸ்ல இருந்து லிஸ்ட் வந்துடுச்சும்மா. என் கையில எதுவும் இல்லை.”

நகைக்கடன் கிளைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஏலப் பட்டியல் வந்துவிட்டால் நகை போனதுதான் என்று பலரும் நம்பித் திரும்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 177ஆம் பிரிவின்படி, தவணை தவறிய பிறகும், நகை உண்மையில் விற்கப்படும் வரை அதை மீட்கலாம். தாமதத்தால் கடன் கொடுத்தவருக்கு ஏற்பட்ட செலவையும் சேர்த்துக் கட்டவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த உரிமை முழுப் பாக்கியையும் கட்டி மீட்பவருக்குத்தான். வட்டியை மட்டும் கட்டி, கடனை மாற்றி வைக்க நிறுவனம் சம்மதிக்கவேண்டும். அவகாசம் கேட்பது இந்தச் சம்மதத்துக்காகத்தான்.

அந்தப் பத்து நாளின் விலை என்ன? கல், அழுக்கு கழித்து 30 கிராம் தேறும் நகை. கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 2,70,000. கடன் 1,80,000, வட்டி 12 சதவீதம். ஓராண்டில் வட்டி 21,600 ஆகி, பாக்கி 2,01,600. பத்து நாள் தாமதத்துக்குக் கூடுதல் வட்டி சுமார் 600 ரூபாய். (தவறினால் வட்டி விகிதத்தையே உயர்த்தும் நிறுவனங்களும் உண்டு, ரசீதைப் புரட்டிப் பாருங்கள்.)

ஏலம் போனால்? ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட விதிகளின்படி ஏலத்தின் ஆரம்ப விலை நகை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 2,43,000க்குப் போனால் பாக்கி போக 41,400 மிஞ்சும். அதிலும் ஏலச் செலவைக் கழிப்பார்கள். நகையின் மதிப்பில் உங்களுக்கு இருந்ததோ 68,400. 600 ரூபாய்க்குப் பதில் 27,000 போகிறது. அதே நகையைத் திரும்பச் செய்தால் செய்கூலி, சேதாரம் வேறு.

எனவே வெறுங்கையோடு கெஞ்சுவதைவிட, வட்டியில் ஐயாயிரமாவது கட்டி ரசீது வாங்கிக்கொண்டு கேட்பது நல்லது. மீதியை எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்பதைக் கடன் எண்ணோடு எழுதிக் கொடுத்து, நகலில் கிளை முத்திரை வாங்குங்கள். “பார்த்துக்கலாம்மா” என்ற வாய்ப்பேச்சு போதாது. பட்டியல் பெரும்பாலும் வேறு அலுவலகத்தில் இருப்பதால், உங்கள் எண் அதிலிருந்து நீக்கப்பட்டதா என்று மறுநாளே விசாரியுங்கள்.

அப்படியும் ஏலம் நடந்துவிட்டால் கணக்குக் கேளுங்கள். ஏலத் தொகை முழுதாக வந்த ஏழு வேலை நாட்களுக்குள் மிச்சத்தைத் தரவேண்டும் என்கின்றன அதே விதிகள்.