கிராஷ் ஆன கேமும் பெயரில்லாத எண்களும்

மொபைலில் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று மூடிக்கொள்கிறது. ஆடியவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் திறக்கிறார். அதே இடத்தில் இரண்டாவது முறையும் மூடினால், ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு கேமையே போனிலிருந்து நீக்கிவிடுவார். இதற்கிடையில் அவர் அறியாத ஒரு வேலை நடந்திருக்கும். கேம் செத்த நொடியில் ஆண்ட்ராய்டு ஒரு சிறு அறிக்கை எழுதி வைக்கிறது. அது கூகுள் வழியாக அந்த கேமை உருவாக்கியவரின் பிளே கன்சோல் பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கே அவர் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
signal 11 (SIGSEGV)
#00 pc 00000000012a4f3c  libil2cpp.so
#01 pc 00000000012a61d0  libil2cpp.so
#02 pc 00000000012a4f88  libil2cpp.so
#03 pc 00000000012a61d0  libil2cpp.so
#04 pc 00000000012a4f88  libil2cpp.so
```

இதற்கு ஸ்டாக் டிரேஸ் என்று பெயர். கடைசியாக ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷன் மேலே இருக்கும். அதை அழைத்தது அதற்குக் கீழே, அதையும் அழைத்தது இன்னும் கீழே. ஒவ்வொரு எண்ணும் libil2cpp.so என்ற கோப்பின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் அந்தக் கட்டளை இருக்கிறது என்பதைச் சொல்கிறது. தகவல் துல்லியமானதுதான். மனிதர் படிக்கும்படி இல்லை, அவ்வளவே.

கேம் எழுதியவர் எண்களில் எழுதவில்லையே, பெயர்கள் எங்கே போயின? யூனிட்டியில் கேம் செய்பவர்கள் சி ஷார்ப் மொழியில் எழுதுகிறார்கள். 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் வடிவத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கூகுள் பிளே கட்டாயமாக்கியது. ஆண்ட்ராய்டில் அதற்கு யூனிட்டி தரும் வழி ஐஎல்2சிபிபி. அது சி ஷார்ப் நிரலை முதலில் சி++ ஆக மாற்றுகிறது. அந்த சி++ பிறகு நேரடியாக இயந்திரக் கட்டளைகளாகிறது. கடைசிக் கட்டத்தில் ஃபங்ஷன் பெயர்களும் வரி விவரங்களும் தனியாக உரித்து எடுக்கப்படுகின்றன. கேம் ஓடுவதற்குப் பெயர்கள் தேவையில்லை, அவை இருந்தால் கோப்பு பல மடங்கு பெருக்கும். அதனால் ஆடுபவரின் போனுக்கு உரித்த கோப்பு போகிறது. உரித்தெடுத்த பெயர்ப் பட்டியல், அதாவது சிம்பல் ஃபைல், பில்ட் செய்த கணினியிலேயே தங்குகிறது, தங்கவைக்கச் சொல்லியிருந்தால்.

அந்த ‘இருந்தால்’ என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். யூனிட்டியின் பில்ட் அமைப்புகளில் Create symbols.zip என்று ஒரு தேர்வு உண்டு. யூனிட்டி 6-இல் அது Debug Symbols. அதை இயக்கி பில்ட் செய்தால் கேமுடன் ஒரு ஜிப் கோப்பும் பக்கத்தில் வந்து உட்காரும். பிளே கன்சோலில் App bundle explorer பக்கத்தில் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, Downloads பகுதியில் native debug symbols என்ற இடத்தில் இதை ஏற்ற வேண்டும். ஜிப்பைத் திறந்ததும் arm64-v8a போன்ற ஃபோல்டர்கள் முதல் அடுக்கிலேயே தெரிய வேண்டும். பிரித்துப் பார்த்துவிட்டு வெளி ஃபோல்டரோடு சேர்த்து மறுபடி ஜிப் செய்பவர்கள், ஒரு அடுக்கு கூடிப்போனதைக் கவனிக்காமல் குழம்புவதுண்டு.

மேலே காட்டியது மாதிரிக்காக எழுதிய டிரேஸ். அதையே ஒரு குண்டுவெடிப்புப் புதிர் கேமின் டிரேஸாக வைத்துக்கொண்டு பார்க்கலாம். பெயர்கள் இல்லாவிட்டாலும் பழகிய கண்ணுக்கு ஒன்று தட்டுப்படும்: முதல் வரிக்குப் பிறகு இரண்டே எண்கள் மாறி மாறி வருகின்றன. உண்மையான அறிக்கையில் இது நூறு வரிக்கு மேலும் நீளும். இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று முடிவில்லாமல் அழைத்துக்கொண்டே இருந்ததால் ஸ்டாக் நினைவகம் நிரம்பிப்போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் எந்த இரண்டு? ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களுக்கு நடுவில் அதை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

சிம்பல் ஃபைல் கையில் இருந்தால், ஆண்ட்ராய்டு என்டிகேயோடு வரும் ஒரு கருவியிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம்:

```
llvm-addr2line -C -f -e arm64-v8a/libil2cpp.so 0x12a4f88
```

வரும் பெயர் Bomb_Explode_m என்று தொடங்கி நீளமான ஒரு குறியீட்டுச் சரத்தில் முடியும். வகுப்பின் பெயர் Bomb, ஃபங்ஷனின் பெயர் Explode. பின்னால் தொங்குவது ஐஎல்2சிபிபி தானாக ஒட்டிய வால், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். அடுத்த எண் Board_HitCell என்று வருகிறது. இப்போது கதை விளங்கிவிடுகிறது. குண்டு வெடித்தால் பக்கத்துக் கட்டங்களைத் தாக்குகிறது. அங்கே இன்னொரு குண்டு இருந்தால் அதுவும் வெடிக்கிறது, அது திரும்பி முதல் குண்டைத் தாக்குகிறது. ‘நான் வெடித்துவிட்டேன்’ என்ற குறியை நிரல் தாக்குதலுக்குப் பிறகுதான் போடுகிறது. அதைத் தாக்குதலுக்கு முன்னால் நகர்த்த வேண்டும், ஒரு வரி வேலை. இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து அமைந்த கட்டத்தில் மட்டுமே நேரும் பிழை என்பதால், சோதித்தவர்கள் கண்ணில் அது படாமல் தப்பியிருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு பில்டிலும் கட்டளைகள் இடம் மாறும். சென்ற வாரத்து சிம்பல் ஃபைலில் அதே எண் வேறொரு ஃபங்ஷனைக் காட்டும். கருவி முகம் சுளிக்காமல் தவறான பெயரைச் சொல்லிவிடும் என்பதுதான் ஆபத்து. ஒலி அமைப்பு ஃபங்ஷன் குண்டை வெடிக்கச் சொன்னதாக டிரேஸ் வந்தால், நிரலில் அப்படியொரு அழைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சிம்பல் ஃபைல் வேறு பில்டுடையது. உறுதி செய்ய பில்ட் ஐடி இருக்கிறது. கிராஷ் அறிக்கை BuildId என்று காட்டும் எண்ணும், llvm-readelf -n என்ற கட்டளை சிம்பல் ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

சரியான ஃபைலை ஏற்றிய பிறகும் சில வரிகள் எண்களாகவே நிற்கும். அவை பெரும்பாலும் அட்ரினோ, மாலி போன்ற கிராஃபிக்ஸ் சிப்களின் டிரைவர் கோப்புகளில் விழுந்தவை. அவற்றின் சிம்பல்கள் சிப் தயாரித்த நிறுவனங்களிடம்தான் இருக்கும். அங்கே எந்த போன் மாடலில், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் அதிகம் நிகழ்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே கேம் செய்தவருக்கு மிஞ்சும் வழி. ஐபோனில் இதே வேலையை டிசிம் கோப்புகளும், விண்டோஸில் பிடிபி கோப்புகளும் செய்கின்றன. பில்டும் ஃபைலும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு.

பிழையைத் தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு. தினமும் ஆடுபவர்களில் 1.09 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கண்ணெதிரே கிராஷைச் சந்தித்தால், அந்த கேமைத் தன் கடையில் அதிகம் காட்டாமல் கூகுள் பிளே பின்னுக்குத் தள்ளக்கூடும். பிளே கன்சோலோ, சிம்பல் ஃபைல் ஏற்றிய பிறகு வரும் கிராஷ்களுக்கு மட்டுமே பெயர் போட்டுக் காட்டும். ஏற்கெனவே குவிந்தவற்றைக் கையால் ஒவ்வொன்றாகத்தான் பெயர்க்க வேண்டும். ஆகவே கேமை வெளியிடும் அதே நாளில் ஜிப்பையும் ஏற்றிவிட்டு, பதிப்பு எண்ணோடு ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைப்பதே முறை.

ஆடுபவர் பக்கமும் ஒரு பொத்தான் இருக்கிறது. போனின் கூகுள் அமைப்புகளில் Usage & diagnostics என்பதை அணைத்து வைத்திருப்பவர்களின் கிராஷ்கள் பிளே கன்சோலுக்குப் போவதில்லை.